ஒரு கிட்டங்கியும் நாற்பது அறைகளும்

விருதுநகரில் ஒரு பருப்பு மில். மில் என்றால் இயந்திரம் ஓடும் ஒரு மூலையும், மீதியெல்லாம் மூட்டை அடுக்கும் கிட்டங்கியும்தான். நூறு அடிக்கு நூறு அடி, பத்தாயிரம் சதுர அடி, ஒரே கூரை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கும் நாற்பது அறைகள். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் நாலாயிரம் சதுர அடிதான். ஒரே மாதத்தில் இந்த இரண்டு இடங்களையும் அளக்கிற வேலை எனக்கு வந்தது. வேல்யூவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனை என் கையில். இரண்டு முதலாளிகளும் கேட்டது ஒன்றைத்தான்: கட்டடத்தை இன்றைக்கு மறுபடி கட்ட என்ன செலவாகும், இன்சூரன்ஸ் தொகையை எவ்வளவு உயர்த்த வேண்டும்?

கேள்வி ஒன்றாக இருந்தாலும் பதில் ஒன்றாக இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவருக்கு அது வீணாகியிருக்கும். எங்கே வேறுபட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கு புரிவதற்காக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

முதலில் பழைய தொகை எப்படி வந்தது என்று பார்த்தோம். கிட்டங்கியின் பாலிசியில் கட்டடத்துக்கு 1 கோடியே 20 லட்சம். ஏன் அந்த எண் என்று கேட்டால் முதலாளி அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. கோப்பைப் புரட்டியதில் விடை கிடைத்தது: எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிய வங்கிக் கடன் 1 கோடியே 20 லட்சம். வங்கிக்குத் தன் பணம் பத்திரமாக இருந்தால் போதும், அதனால் கடன் தொகைக்கே பாலிசி போட்டாயிற்று. அது அப்படியே வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. பட்டாசு ஆலையில் வங்கிக்கடன் இல்லை. அங்கே அறைக்கு 60,000 ரூபாய், நாற்பது அறைக்கு 24 லட்சம் என்று யாரோ ஒருமுறை குத்துமதிப்பாகப் போட்டது நிலைத்துவிட்டது. ஒன்று கடனின் நிழல், மற்றொன்று ஊகம். கட்டடத்தை அளந்து வந்த எண் இரண்டிலும் இல்லை.

கிட்டங்கி அண்ணாச்சி எங்களிடம் ஒரு வேல்யூவேஷன் ரிப்போர்ட்டை நீட்டினார். "போன வருஷம்தான் வங்கிக்கு எடுத்தது, இதையே கொடுத்திருவோமே" என்றார். அதில் மொத்த மதிப்பு மூன்றரை கோடிக்கு மேல். அதில் பாதிக்குமேல் மனையின் விலை. மனை எரியாது. மீதியில் கட்டடத்துக்கு வயதுத் தேய்மானம் கழித்திருந்தார்கள். வங்கி கேட்பது இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று. இன்சூரன்ஸ் கேட்பது இன்று தரைமட்டமானால் அதே மாதிரிக் கட்டடத்தைப் புதிதாக எழுப்ப என்ன ஆகும் என்று. முதல் கேள்வியில் மனை உண்டு, தேய்மானம் உண்டு. இரண்டாவதில் இரண்டும் கிடையாது. ஆனால் இடிபாடு அகற்றுவது, என்ஜினியர் கட்டணம், வரி எல்லாம் உண்டு. இடிபாடு, கட்டணம் போன்றவற்றுக்குச் சிறு வரம்புக்குள் பாலிசியிலேயே இடம் இருக்கக்கூடும். அதைப் பார்த்துவிட்டே தொகையில் சேர்க்க வேண்டும்.

வரி என்றதும் பலர் தவறுவது இங்கேதான். மில்லுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது, கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வோம், அதனால் வரியில்லாமல் மதிப்புப் போடுங்கள் என்றார் கணக்கர். இயந்திரத்துக்கு அது சரி. சொந்த உபயோகத்துக்குக் கட்டும் கட்டடத்துக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அந்த வரவைத் தடுத்துவிட்டது. ஆகவே சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கட்டும் வரி முழுதும் கட்டடச் செலவுதான். கட்டடத் தொகையில் வரி இருக்க வேண்டும், இயந்திரத் தொகையில் இருக்க வேண்டாம். வரி எப்போதும் ஒரே திசையில் போவதுமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முந்தைய தேதியிட்ட ரிப்போர்ட் கையில் இருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளலாம். மற்றபடி ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பதால் விருதுநகரில் கட்டடம் மலிவாக எழும்பிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். செலவைத் தீர்மானிப்பது கொத்தனார் கூலியும் எம்-சாண்டும் கம்பியும்.

இப்போது அளவெடுப்பு. கிட்டங்கியில் வேலை அரை நாளில் முடிந்தது. கான்கிரீட் தூண், இருபது அடி உயரச் சுவர், இரும்புக் கைமரத்தில் தகடு வேய்ந்த கூரை. இந்த வகைக் கட்டடத்துக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு சரியாக வரும். வரி, கட்டணம் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 2,000 ரூபாய், மொத்தம் 2 கோடி என்று வந்தது. பாலிசியில் இருப்பது அதில் 60 சதவீதம்.

ஆலையில் அந்த 2,000 ரூபாயைத் தூக்கிப் போட முடியாது. அறைக்கு நூறு சதுர அடி, இரண்டு லட்சம் என்று கணக்குப் போட்டு முடித்துவிடத் தோன்றும். ஆனால் செலவில் பெரும்பங்கைத் தின்பது சுவர். நூறுக்கு நூறு கிட்டங்கிக்குச் சுற்றுச் சுவர் 400 அடி நீளம். பத்துக்குப் பத்து அறைக்கு 40 அடி. நாற்பது அறைக்கு 1,600 அடி. தரைப்பரப்பு கிட்டங்கியில் பாதிகூட இல்லை, சுவர் நீளமோ நாலு மடங்கு. கிட்டங்கிச் சுவர் இருபது அடி உயரம், அறைச் சுவர் பத்தடி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கிட்டங்கியில் ஒவ்வொரு சதுர அடித் தரைக்கும் முக்கால் சதுர அடிக்குச் சற்று அதிகமாகச் சுவர் வருகிறது. அறையில் நாலு சதுர அடி வருகிறது. அந்தச் சுவருக்கெல்லாம் கீழே அஸ்திவாரம் தோண்ட வேண்டும், இரு பக்கமும் பூச வேண்டும். அறைக்குக் கதவுகள் வேறு, அவை வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தரையில் உரசல் வராமல் இழைத்துவிட வேண்டும். தண்ணீரும் ஜல்லியும் காட்டுப் பாதையில் வந்து சேர வேண்டும். வேல்யூவர் சதுர அடியை ஒதுக்கிவிட்டு அறை ஒன்றுக்குக் கட்டுவேலை, பூச்சு, கூரை, கதவு என்று அளவெழுதினார். அறைக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் வந்தது. நாற்பதுக்கு 1 கோடியே 12 லட்சம். பாலிசியில் இருப்பது 24 லட்சம், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்.

இந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஆலை முதலாளி நம்பவில்லை. "பத்துக்குப் பத்து ரூமுக்கு ரெண்டேமுக்கால் லட்சத்துக்கு மேலயா? எங்க வீட்டையே அந்தக் கணக்குல கட்டலையே" என்றார். வீட்டில் ஒரு சுவர் இரண்டு அறைக்குப் பொது. இங்கே எந்தச் சுவரும் எதற்கும் பொது இல்லை, பொதுவாக இருக்கவும் கூடாது. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காகத்தானே இடைவெளி விட்டுக் கட்டச் சொல்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த வெடிவிபத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. நாம் இங்கே பேசுவது சுவரின் விலையை. உள்ளே இருக்கும் நாலு பேருக்கான காப்பீடு வேறு பாலிசி, வேறு சட்டம். கட்டடத் தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் அதில் ஒரு பைசா அவர்கள் குடும்பத்துக்குப் போகாது.

தொகை குறைவாக இருப்பதன் விளைவு இரண்டு இடத்திலும் வேறு வேறு விதமாக வெளிப்படும். ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்.

கிட்டங்கி ஒரு தீயில் முழுதும் அழிவது அபூர்வம். மின்கசிவில் ஒரு மூலை எரியும், கூரைத் தகடு உருகும், இரண்டு தூண் வெடிக்கும். அப்படி ஒரு தீயில் 50 லட்சம் சேதம் என்று வைத்துக்கொள்வோம். பாலிசி 1 கோடியே 20 லட்சத்துக்கு இருக்கிறதே, 50 லட்சம் அதற்குள்தானே, முழுதும் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வராது. 2 கோடிக்குக் காப்பீடு செய்ய வேண்டிய இடத்தில் 1.20 கோடிக்கே செய்திருப்பதால் மீதி 40 சதவீதத்துக்கு நீங்களே உங்களுக்கு இன்சூரர் என்பது விதி. சேதத்திலும் 40 சதவீதம் உங்கள் தலையில். 50 லட்சத்துக்கு 30 லட்சம் வரும். ஊரில் இதை "ஆவரேஜ் போட்டுட்டான்" என்பார்கள், ஏதோ சர்வேயர் வேண்டுமென்றே செய்தது போல.

கிட்டங்கியின் பாலிசி, 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா. ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடிக்குள் இருக்கும் தொழில்களுக்கானது. அதில் 15 சதவீதம் வரை பற்றாக்குறை இருந்தால் ஆவரேஜ் போடுவதில்லை என்ற சலுகை உண்டு. 2 கோடிக் கட்டடத்தை 1 கோடியே 70 லட்சத்துக்குப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். நாற்பது சதவீதப் பற்றாக்குறைக்கு அந்தக் குடை போதாது. இதே பாலிசியில் இன்னொரு மறைவான படி இருக்கிறது. கட்டடம் 2 கோடி ஆனதும், இயந்திரம் 1 கோடியே 20 லட்சம், சரக்கு 2 கோடி என்று கூட்டினால் 5 கோடியைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் அடுத்த புதுப்பிப்பில் சூட்சும பாலிசி இல்லை, 50 கோடி வரை போகும் லகு பாலிசிக்கு மாற வேண்டும். கட்டடத்தை மட்டும் உயர்த்தப் போய் பாலிசியின் வகையே மாறுகிறது என்பதை முன்கூட்டியே கிளையில் பேசிவைப்பது நல்லது.

பட்டாசு ஆலையில் ஆவரேஜ் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. அங்கே அறை பாதி எரிவதில்லை, பெரும்பாலும் தரைமட்டமாகிறது. ஒரு விபத்தில் ஆறு அறை தரைமட்டம், பக்கத்தில் நாலு அறையில் விரிசல் என்று கொள்வோம். தரைமட்டமான அறைக்குச் செலவு 2.80 லட்சம். ஆனால் அட்டவணையில் அந்த அறைக்கு எதிரே எழுதியிருப்பது 60,000. வருவது அந்த 60,000 மட்டுமே. ஆறு அறைக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். விரிசல் விட்ட அறையைச் சரிசெய்ய 70,000 ஆகிறது, அதற்கு மட்டும் ஆவரேஜ் போட்டால் 15,000. நாலு அறைக்கு 60,000. ஆக மொத்தச் செலவு 19 லட்சத்து 60 ஆயிரம், வருவது 4 லட்சத்து 20 ஆயிரம். பாலிசியில் 24 லட்சம் இருந்தும், மற்ற முப்பது அறைகளுக்குரிய தொகை இந்தப் பத்து அறைக்கு உதவ வராது. ஒவ்வொரு இனமும் தனித்தனியே கணக்கிடப்படும் என்பது பாலிசியின் வாசகம்.

இதனால்தான் கடிதம் ஒரே மாதிரி இருக்க முடியாது. கிட்டங்கிக்கு எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. பாலிசி எண், இடம், "கட்டடம் என்ற இனத்தின் காப்பீட்டுத் தொகையை 1,20,00,000-லிருந்து 2,00,00,000 ஆக இன்ன தேதியிலிருந்து உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இயந்திரம், சரக்கு ஆகிய இனங்களில் மாற்றமில்லை. மதிப்பீட்டறிக்கை இணைப்பில். தொகை மனை மதிப்பு நீங்கலாக, ஜி.எஸ்.டி. உட்பட. கூடுதல் பிரீமியத்தைத் தெரிவித்தால் உடனே செலுத்துகிறோம். பெயர் பதிவாகியுள்ள வங்கிக்கும் நகல்" என்ற அளவே. வங்கிக்கு நகல் என்பது சம்பிரதாயமில்லை. பாலிசியில் வங்கியின் பெயர் இருக்கும்போது மாற்றம் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆலைக்கு எழுதியது ஆறு பக்கம். மொத்தத் தொகையை 24 லட்சத்திலிருந்து 1.12 கோடியாக்குங்கள் என்று மட்டும் எழுதினால் முதல் வரியில் மொத்தம் மாறும், பின்னால் உள்ள அறைவாரி அட்டவணை பழையபடியே கிடக்கும். அந்தக் குழப்பம் விபத்துக்குப் பிறகுதான் வெளியே வரும். அதனால் அறை எண், உபயோகம், பழைய தொகை, புதிய தொகை என்று நாற்பது வரி எழுதினோம். எழுதும்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சுவரில் பெயின்டில் எழுதியிருந்த எண் ஒன்று, பாலிசியில் இருந்த எண் வேறு, பெசோவின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்தது இன்னொன்று. இடையில் இரண்டு அறையை இடித்துவிட்டு எண்களை நகர்த்தியிருக்கிறார்கள். அறை நின்றுகொண்டிருக்கும்வரை இது ஒரு பொருட்டில்லை. தரைமட்டமானால் சுவரே இருக்காது, சுவரில் எழுதிய எண்ணும் இருக்காது. அப்போது சர்வேயர் கையில் மிஞ்சுவது வரைபடம்தான். மூன்று எண்ணையும் வரைபடத்து எண்ணுக்கு இழுத்து ஒன்றாக்கிய பிறகே கடிதம் போயிற்று. போர்மேன் பெயின்ட் டப்பாவோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினார்.

அளந்தபோது உண்மையில் நாற்பத்துமூன்று அறை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் மூன்று வரைபடத்தில் இல்லை. ஊரில் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்றும் நாக்பூர் லைசென்ஸ் என்றும் சொல்லிக்கொள்ளும் எந்த உரிமமாக இருந்தாலும், ஒப்புதல் பெற்ற அறைக்கு வெளியே வேலை செய்ய அனுமதி இல்லை. மூன்றையும் சேர்த்துப் பட்டியல் போடலாமா என்று முதலாளி கேட்டார். பிரீமியம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தாலும் அது அந்த அறையைச் சட்டப்படியானதாக்கிவிடாது. மற்ற நாற்பது அறையின் கோரிக்கையையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். உள்குத்தகைக்கு விட்ட ஆலைகளில் நடப்பதும் இதே. மதிப்பை எவ்வளவு சரியாகப் போட்டாலும் உரிமத்தில் ஓட்டை இருந்தால் பணம் அதன் வழியே ஒழுகிவிடும். மூன்று அறையையும் வேல்யூவர் ரிப்போர்ட்டில் சேர்க்க மறுத்துவிட்டார். அவற்றை அப்புறம் என்ன செய்தார்கள் என்பது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

கடிதம் கொடுத்தாயிற்று. இனி உயர்ந்த தொகை அமலுக்கு வந்துவிட்டதா? கிட்டங்கி அண்ணாச்சி அப்படித்தான் நினைத்தார். திங்கட்கிழமை கடிதத்தில் சீல் வாங்கி வந்து நிம்மதியாக இருந்தார். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு, பிரீமியம் முன்கூட்டி வந்து சேராமல் எந்த இன்சூரரும் ஆபத்தை ஏற்கக்கூடாது என்கிறது. தொகையை உயர்த்துவதும் அந்த அளவுக்குப் புதிய ஆபத்துதான். ஆகவே சீல் வைத்த நகல் வெறும் கோரிக்கை. வியாழக்கிழமை தீப்பிடித்திருந்தால் பழைய 1.20 கோடிதான் பேசும். கிளையில் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, கட்டி, என்டார்ஸ்மென்ட் கையில் வந்து, அதில் அமலாகும் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உயர்வு உயர்வாகும். கட்ட வேண்டியதும் பெரிதில்லை. விகிதம் தொழிலுக்குத் தொழில் மாறும். ஆயிரத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் கூடுதல் 80 லட்சத்துக்கு வருஷம் 12,000. பாலிசியில் பாதி வருஷம் மீதியிருந்து, மீதி நாளுக்கு விகிதப்படி கேட்டால் 6,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 7,080 ரூபாய். இருபது லட்சம் இழப்பைத் தடுக்கும் செலவு அது.

ஆலையின் கடிதம் விருதுநகர் கிளையில் முடியவில்லை. பட்டாசுத் தயாரிப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் அது மேலிடம் போயிற்று. பட்டாசை மறுகாப்பீட்டுக்காரர்கள் எளிதில் ஏற்பதில்லை. அதனால் தொகை உயர்வைப் புதிய பாலிசி போலவே பார்க்கிறார்கள். உரிம நகல், புதுப்பித்த தேதி, வரைபடம், கடந்த ஆண்டுகளின் விபத்து விவரம், புதிய ஆய்வு எல்லாம் கேட்டார்கள். நேரமும் போயிற்று. பிரீமியம் விகிதமும் பல மடங்கு. ஆயிரத்துக்கு ஆறு ரூபாய் என்று வைத்துப் பார்த்தால்கூட கூடுதல் 88 லட்சத்துக்கு வருஷம் 52,800, வரியோடு 62,304. முதலாளி யோசித்தது நியாயம்தான். "எல்லா ரூமுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம், அம்பது லட்சத்துல நிறுத்துவோம்" என்றார்.

அது மோசமான சிக்கனம் என்று எனக்குப் படுகிறது. எல்லா அறைக்கும் அரைகுறையாகப் போட்டால் எந்த அறை போனாலும் அரைகுறையே வரும். அறைகள் தனித்தனிக் கட்டடம், தனித்தனி இனம். மருந்து கலக்கும் அறை, செலுத்தும் அறை, அவற்றை ஒட்டிய அறைகள் என இடிந்தால் கட்டாயம் மறுபடி கட்டியே தீரவேண்டிய இருபதை முழு மதிப்புக்குப் போட்டு, மற்றதைப் பழைய தொகையிலேயே வைத்தால் முழு மதிப்புப் போட்ட அறைக்கு முழுப் பணம் வரும். இதை இன்சூரர் ஏற்பாரா என்பது வேறு விஷயம். ஆபத்து மிகுந்த அறைகளாகப் பொறுக்கி எடுத்து உயர்த்துவதை அவர்களும் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். எங்கள் விஷயத்தில் இழுபறிக்குப் பிறகு நாற்பதையும் முழு மதிப்புக்கே போட முதலாளி சம்மதித்தார். அதற்கு என் வாதம் காரணமில்லை, பாதியை மட்டும் உயர்த்த இன்சூரர் விரும்பவில்லை என்பதே காரணம்.

இரண்டு இடங்களையும் பிரிப்பதில் இன்னொன்று காலம். மறுநிர்மாண மதிப்பு என்பது பாலிசியில் எழுதியதும் கைக்கு வரும் பணமில்லை. வழக்கமான விதி, சேதமான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டி முடிக்கச் சொல்கிறது. முடியாவிட்டால் இன்சூரரிடம் எழுத்தில் அவகாசம் வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தேய்மானம் கழித்த மதிப்புதான். கிட்டங்கியில் இது பெரிய தடையில்லை. சர்வேயர் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த மாதமே கொத்தனாரைக் கூப்பிடலாம். ஆலையில் விபத்து நடந்தால் உரிமம் நிறுத்தப்படும், விசாரணை நடக்கும், வரைபடத்துக்கு மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். அதே இடத்தில் அதே அறையைக் கட்ட விடுவார்களா என்பதே நிச்சயமில்லை. 12 மாதம் அஸ்திவாரம் தோண்டாமலேயே கழிந்துவிடலாம். முழு மதிப்புக்குப் பிரீமியம் கட்டிவிட்டு, இருபது வருஷப் பழைய அறைக்கான தேய்ந்த விலையை வாங்கிக்கொண்டு போகிற நிலை வரக்கூடும். விபத்து நடந்த முதல் மாதத்திலேயே, உரிம நிறுத்த உத்தரவின் நகலோடு அவகாசம் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று ஆலைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி வைத்தோம். பதினொன்றாவது மாதத்தில் அது யாருக்கும் நினைவு வராது.

காலத்தால் விலையும் ஏறும். மறுநிர்மாண விதியில் பார்க்கப்படுவது மீண்டும் கட்டும் நேரத்துச் செலவு. இன்று போட்ட 2 கோடி, பாலிசியின் கடைசி மாதத்தில் தீ வந்து, அதன்பின் பத்து மாதம் கழித்துக் கட்டி முடிக்கும்போது போதாமல் போகலாம். பழைய தீக்காப்பீட்டு முறையில் இதற்கென்றே ஒரு விதி உண்டு, எஸ்கலேஷன் என்பார்கள். 25 சதவீதம் வரை ஓர் உயர்வைத் தேர்ந்துகொண்டால் தொகை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அந்த உயர்வுக்குப் பாதி விகிதத்தில் பிரீமியம். 2 கோடிக்குப் பத்து சதவீதம் எடுத்தால் ஆறு மாதம் கழித்து நடக்கும் தீயில் 2 கோடியே 10 லட்சமாகக் கணக்கில் கொள்வார்கள். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும்தான், சரக்குக்கு இல்லை. இன்றைய பாலிசியில் அந்த வசதி கிடைக்குமா என்று கிளையில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காத இடத்தில் வேல்யூவரிடமே இன்றைய செலவு, ஒன்றரை வருஷம் கழித்து எதிர்பார்க்கும் செலவு என்று இரண்டு எண் வாங்கி, இரண்டாவதைத் தொகையாக எழுதலாம். கிட்டங்கிக்கு இதுவே போதும். ஆலைக்கு ஒன்றரை வருஷம் குறைவுதான்.

அளவெடுக்க ஏற்ற காலமும் இரண்டுக்கும் வேறு. கிட்டங்கிக்கு எந்த நாளும் போகலாம், மூட்டைகளுக்கு நடுவே நடக்கிற சிரமம் மட்டும்தான். ஆலைக்குத் தீபாவளி முடிந்த கையோடு போக வேண்டும். உற்பத்தி நின்று, அறைகள் காலியாகி, வெள்ளையடிக்கும் அந்தச் சில வாரங்களில்தான் வேல்யூவர் டேப்போடு அறைக்குள் நிற்க முடியும். இரும்பு டேப் வேண்டாம் என்று போர்மேன் துணி டேப் கொண்டுவந்து கொடுத்தார். காலியான அறைதான், ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்த விடுமுறை நீண்டுபோனால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான தீ பாலிசியில் கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டி இன்சூரரின் சம்மதம் வாங்காதபோது காப்பீடு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது எத்தனை பேர் அந்தச் சம்மதத்தைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

கிட்டங்கியின் என்டார்ஸ்மென்ட் ஒன்பதாவது நாள் வந்தது. ஒரே தாள், 2,00,00,000 என்று சரியாக இருந்தது. பிரீமியம் கட்டிய தேதியிலிருந்தே அமல் என்றும் இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "எட்டு வருஷமா எவ்வளவு குறைச்சலா ஓட்டியிருக்கேன்" என்றார்.

ஆலையின் என்டார்ஸ்மென்ட் வர ஏழு வாரம் ஆயிற்று. மொத்தம் 1,12,00,000 என்று முதல் பக்கத்தில் இருந்தது. பின்னால் இருந்த அட்டவணையை நானும் போர்மேனும் சுவர் சுவராக நடந்து ஒவ்வோர் அறையாக ஒப்பிட்டோம். 23-ஆம் எண் அறை இல்லை. 32-ஆம் எண் இரண்டு முறை இருந்தது. கூட்டுத்தொகை சரியாக வந்ததால் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. 23 மருந்து கலக்கும் அறை. அன்றைக்கே திருத்தக் கடிதம் எழுதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.